தேதி இல்லாத பட்டியல்

அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். காபி ஆறும்வரை பொறுமையில்லை. திரையை என் பக்கம் திருப்பி வைத்தான். அதில் இரண்டு கோடுகள். சாம்பல் நிறக் கோடு நிஃப்டி, பச்சைக் கோடு அவனுடையது. 2009 ஜனவரியில் ஒரே இடத்தில் புறப்பட்டவை, 2025-க்கு வரும்போது ஒன்று திண்ணையிலும் மற்றது மொட்டை மாடியிலும் நின்றன.

"என்னடா விதி?" என்றேன்.

"ரொம்ப சிம்பிள் மாமா. ஒவ்வொரு வருஷமும் ஜனவரி ஒண்ணாந்தேதி பார்க்கறேன். நிஃப்டி அம்பது கம்பெனியில எதெது தன்னோட உச்ச விலையிலிருந்து பாதிக்கும் மேல விழுந்து கிடக்கோ, அதையெல்லாம் சம பங்கா வாங்கறேன். பெரிய கம்பெனி, மலிவு விலை. அவ்வளவுதான்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பங்குச் சந்தைக்காரர்கள் இதை ஸ்கிரீன் என்பார்கள். நெல்லைச் சல்லடையில் சலிப்பதுபோல ஒரு விதியை வைத்து நூற்றுக்கணக்கான நிறுவனங்களைச் சலித்து, தங்குபவற்றை வாங்குவது. விதி தேறுமா என்று பார்க்க, அதைப் பழைய ஆண்டுகளின் விலைகள்மேல் ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்குப் பேக்டெஸ்ட் என்று பெயர். முன்பு இது பெரிய நிதி நிறுவனங்களின் வேலையாக இருந்தது. இன்று இணைய இணைப்பும் எக்ஸெல்லும் உள்ள எவரும் ஓர் இரவில் செய்துவிடலாம். பையனும் அப்படித்தான் செய்திருந்தான். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. போனஸ், பங்குப் பிரிப்பு எல்லாவற்றையும் சரிக்கட்டியிருந்தான்.

"இந்த அம்பது கம்பெனி பேரை எங்கேருந்து எடுத்தே?"

"என்.எஸ்.இ. சைட்லதான் மாமா. ஃபைலாவே கொடுக்கறாங்க."

கோப்பைத் திறந்து காட்டினான். பெயர் `ind_nifty50list.csv`. அதில் ஐந்து பத்திகள்: `Company Name`, `Industry`, `Symbol`, `Series`, `ISIN Code`. நிறுவனத்தின் பெயர், துறை, குறி, பங்கின் வகை, அடையாள எண். தேதிக்கு என்று ஒரு பத்தி கிடையாது. இன்று யார் ஐம்பது பேர் என்று சொல்லத்தான் அந்தக் கோப்பை வெளியிடுகிறார்கள், அந்த வேலைக்கு அது போதும். ஆனால் பையன் அதனிடம் வேறொரு கேள்வியைக் கேட்டிருந்தான்: 2009-இல் யார் ஐம்பது பேர்? அதற்கும் கோப்பு அதே ஐம்பது பெயரைத்தான் தந்தது. பச்சைக் கோட்டை மொட்டை மாடிக்கு ஏற்றியதில் அவன் விதியைவிட இதற்குத்தான் பங்கு அதிகம்.

அவன் விதியையே எடுத்துக்கொண்டு, அதன் முதல் நாளான 2009 ஜனவரி 1-க்குப் போய்ப் பார்ப்போம். உலகமே நிதி நெருக்கடியில் தள்ளாடிய நேரம். 2008 ஜனவரியில் 6,300-ஐத் தாண்டிய நிஃப்டி, அந்த ஆண்டு முடிந்தபோது 3,000-க்குச் சற்றுக் கீழே கிடந்தது. பாதிக்கும் மேல் விழுந்த பங்குகளுக்குப் பஞ்சமே இல்லை. ஐசிஐசிஐ வங்கி 1,400 ரூபாய்க்கு மேலிருந்து 450 ரூபாய் அளவுக்கு வந்திருந்தது. டாடா ஸ்டீல், ஹிண்டால்கோ, மஹிந்திரா அண்டு மஹிந்திரா எல்லாமே பாதிக்கும் கீழே. அவன் விதி இவற்றை வாங்கச் சொல்கிறது, வாங்கினான். நன்றாகவே பலித்தது. அன்று வாங்கிய ஒரு ஐசிஐசிஐ பங்கு, 2014-இல் பிரிக்கப்பட்டு, 2017-இல் போனஸும் சேர்ந்து, ஐந்தரைப் பங்காகப் பெருகியது. 2025-இல் ஒரு பங்கு 1,300 ரூபாய்க்கு மேல் விற்றது. ஆக 450 ரூபாய் 7,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. பதினைந்து மடங்கு.

இந்த நான்கும் இன்றைய கோப்பில் இருக்கின்றன. ஆனால் அதே 2009 ஜனவரி 1-ஆம் தேதி நிஃப்டிக்குள் இருந்து, அதே விதிப்படி பாதிக்கும் மேல் விழுந்து கிடந்த வேறு சிலரும் உண்டு. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 840 ரூபாயிலிருந்து 230 ரூபாய் அளவுக்கு இறங்கியிருந்தது. யூனிடெக் 540-இலிருந்து 40-க்கு. சுஸ்லான் 460-இலிருந்து 60-க்கு. டி.எல்.எஃப்., ரிலையன்ஸ் இன்ஃப்ரா இரண்டும் அப்படியே. விதி இவற்றையும் வாங்கச் சொல்லியிருக்கும். பையனின் கோப்பில் இவர்கள் இல்லாததால் வாங்கச் சொல்லவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2019-இல் திவால் நடவடிக்கைக்குள் போனது, பங்கு ஓரிரு ரூபாய்க்கு வந்தது. யூனிடெக்கும் அதுபோலவே முடங்கிவிட்டது. சுஸ்லான் 2020-இல் 2 ரூபாய்க்கும் கீழே போய், செத்துப் பிழைத்து, 2024-இல் 80 ரூபாயைத் தொட்டது. 2008 உச்சம் அதற்கு இன்னும் எட்டாக்கனிதான். டி.எல்.எஃப். அவ்வளவு மோசமில்லை. ஆனால் பதினாறு ஆண்டு காத்தவருக்கு அது தந்தது வங்கி டெபாசிட்டைத் தாண்டியிருக்காது.

இன்னொரு பெயரை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். சத்யம் கம்ப்யூட்டர்.

2008 மே மாதத்தில் 540 ரூபாயைத் தொட்ட பங்கு அது. டிசம்பர் 16 அன்று, நிறுவனர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தாருடைய மேடாஸ் என்ற இரண்டு நிறுவனங்களை வாங்கப்போவதாகச் சத்யம் அறிவித்தது. முதலீட்டாளர்கள் கொதித்ததும் சில மணி நேரத்திலேயே பின்வாங்கியது. பங்கு சரிந்து, ஆண்டு முடிவில் 170 ரூபாய் அளவில் நின்றது. ஸ்கிரீன் போடுபவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நாட்டின் முன்னணி மென்பொருள் நிறுவனங்களில் ஒன்று. ஏட்டில் 5,361 கோடி ரூபாய் ரொக்கம். 2008-இல்தான் நிறுவன ஆளுகைக்காகத் தங்க மயில் விருதும் வாங்கியிருந்தது. அது மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. பையனின் விதி மட்டுமல்ல, கடன் குறைவு, ரொக்கம் அதிகம், பி.இ. குறைவு என்று எந்தச் சல்லடையை எடுத்தாலும் சத்யம் அதில் தங்கியிருக்கும்.

ஜனவரி 1 அன்று வாங்கியிருந்தால், ஆறே நாள். ஜனவரி 7 அன்று ராஜுவின் கடிதம் வெளியானது. அந்த 5,361 கோடியில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அவரே எழுதியிருந்தார். 179 ரூபாயில் முந்தைய நாளை முடித்த பங்கு அன்று 40 ரூபாயில் முடிந்தது. ஜனவரி 12 முதல் நிஃப்டியிலிருந்து சத்யம் நீக்கப்பட்டது.

அந்த இடத்தில் யாரைச் சேர்த்தார்கள் தெரியுமா? ரிலையன்ஸ் கேப்பிடலை. சில ஆண்டுகளில் அதுவும் நிஃப்டியை விட்டு வெளியேறியது. 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவைக் கலைத்தது, பிறகு நிறுவனம் திவால் நடவடிக்கையில் கைமாறியது. அந்தப் பங்கை வைத்திருந்தவர்களுக்குப் பைசா தேறவில்லை. சத்யத்தை வைத்திருந்தவர்களாவது, அதை வாங்கிய டெக் மஹிந்திராவோடு 2013-இல் இணைந்தபோது, பதினேழு பங்குக்கு இரண்டு டெக் மஹிந்திரா பங்கு வாங்கினார்கள். வெளியே போனவர் கதையும் உள்ளே வந்தவர் கதையும் இப்படி. இரண்டு பேரும் பையனின் கோப்பில் இல்லை. அவன் பேக்டெஸ்டில் 2009 ஜனவரி 7 என்பது மற்ற நாட்களைப் போல ஒரு புதன்கிழமை, அவ்வளவுதான்.

இதற்கு ஆங்கிலத்தில் சர்வைவர்ஷிப் பயாஸ் என்று பெயர். பிழைத்தோர் சார்பு என்று சொல்லலாம். பெயரை மறந்தாலும் நஷ்டமில்லை. பையனுக்கு நான் சொன்னது வேறு கதை.

ஊரில் பள்ளிக்கூடத்தின் முன்னாள் மாணவர் சந்திப்பு நடக்கிறது. முப்பது ஆண்டு கழித்து வந்திருக்கிறார்கள். "பத்தாம் வகுப்புல கணக்குல ஃபெயிலானவங்க கை தூக்குங்க" என்று கேட்கிறோம். எட்டுப் பேர் தூக்குகிறார்கள். ஒருவர் லாரி அதிபர், ஒருவர் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி, ஒருவர் வெளிநாட்டில். எல்லாரும் நல்ல நிலையில். கணக்கில் தோற்றால் வாழ்க்கையில் உருப்படலாம் என்று எழுதி வைத்துக்கொண்டு வீடு திரும்பலாமா? கணக்கில் தோற்று, பிறகு எழவே முடியாமல் போனவன் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அவனுக்கு அழைப்பிதழ்கூடப் போயிருக்காது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே கூட்டத்தில் "கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவங்க" என்று கேட்டிருந்தால், நம் முடிவு இவ்வளவு கோணியிருக்காது. நூறு வாங்கியவர்களில் பெரும்பாலோர் எப்படியும் வந்திருப்பார்கள். தோற்றவர்களைப் பற்றிக் கேட்கும்போதுதான் கூட்டம் அதிகமாக ஏமாற்றுகிறது, ஏனென்றால் அவர்களில் எழுந்தவர் மட்டுமே வந்திருக்கிறார்.

பங்குகளிலும் அப்படித்தான். இன்றைய பட்டியலை வைத்துச் செய்யும் எல்லாப் பேக்டெஸ்டும் கோணல்தான் என்றாலும், எல்லாம் ஒரே அளவு கோணல் இல்லை. விழுந்ததை வாங்கு, மலிவானதை வாங்கு, குறைந்த பி.இ. உள்ளதை வாங்கு, நஷ்டத்திலிருந்து திரும்பும் நிறுவனத்தை வாங்கு என்ற வகை விதிகள்தான் மிக அதிகமாக மெருகேறித் தெரியும். பாதிக்கும் மேல் விழுந்தும் இன்னும் நிஃப்டியில் இருக்கிறது என்றால், அந்தப் பங்கு எழுந்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். எழாமல் போயிருந்தால் சந்தை மதிப்பு சுருங்கி, பட்டியலிலிருந்தே விழுந்திருக்கும். ஆகவே அந்தக் கோப்புக்குள் நின்றுகொண்டு விழுந்ததை வாங்கினால், எழப்போவது ஏறக்குறைய உறுதி செய்யப்பட்டதைத்தான் வாங்குகிறோம். மலிவு விலை வேட்டைக்காரர்களிடம் இவ்வளவு அழகான வரைபடங்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இதுவரை சொன்னது வெளியே போனவர்களைப் பற்றி. உள்ளே வந்தவர்கள் வழியாக ஒழுகுவது இதைவிடப் பெரியது, ஆனால் கண்ணில் படுவதில்லை.

நிஃப்டியில் ஒரு நிறுவனம் எப்படிச் சேர்கிறது? ஆண்டுக்கு இருமுறை என்.எஸ்.இ. இண்டைசஸ் நிறுவனம் பட்டியலைப் பரிசீலிக்கிறது. மாற்றங்கள் பொதுவாக மார்ச் இறுதியிலும் செப்டம்பர் இறுதியிலும் நடைமுறைக்கு வரும். புதிதாக நுழையும் நிறுவனத்தின் சந்தையில் புழங்கும் பங்குகளின் மதிப்பு, உள்ளே இருக்கும் மிகச் சிறிய நிறுவனத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்பது விதிகளில் ஒன்று. பங்கு விலை ஏறாமல் இந்த மதிப்புக்கு வருவது அரிது. அதாவது, பெரும்பாலும் ஏறி முடித்த பிறகுதான் ஒரு பங்கு நிஃப்டிக்குள் வருகிறது.

ஐஷர் மோட்டார்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் சொந்தக்காரர். 2009 தொடக்கத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடந்த பங்கு. புல்லட் மோகம் நாடெங்கும் பரவி, விலை 19,000 ரூபாயை ஒட்டி வந்த பிறகு, 2016 ஏப்ரலில்தான் நிஃப்டியில் நுழைந்தது. 2009-இல் "நிஃப்டிப் பங்குகளில் மட்டும் வாங்குவேன்" என்று விரதம் இருந்த எவரும் ஐஷரைத் தொட்டிருக்க முடியாது. பையனின் கோப்பிலோ ஐஷர் 2009-இலேயே வரிசையில் நிற்கிறது. 2009-இல் அந்தப் பெயரைப் பட்டியலில் எழுத, 2016-இல் என்ன நடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நுழைந்த பிறகு எல்லாம் ஏறுமுகம் என்றும் இல்லை. டிரென்ட் 2024 செப்டம்பர் இறுதியில் நிஃப்டிக்கு வந்தபோது 7,000 ரூபாய்க்கு மேல் இருந்தது, இரண்டு ஆண்டுக்கு முந்தைய விலையைப்போல் ஐந்து மடங்கு. அடுத்த ஆறேழு மாதத்தில் 5,000-க்கும் கீழே போய் வந்தது. இன்றைய பட்டியல் ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்கில் எழுதுகிறது. உண்மையில் நிஃப்டியைப் பின்தொடர்ந்தவருக்குக் கிடைத்தது இறக்கம் மட்டும்.

இந்த இரண்டு ஒழுகலும் சேர்ந்தால் எவ்வளவு என்று காட்ட, பையனுக்கு ஒரு தாளில் கற்பனைக் கணக்கு ஒன்று போட்டேன். பத்தே நிறுவனங்கள் உள்ள ஒரு குறியீடு. ஒவ்வொன்றிலும் 10,000 ரூபாய், ஆக ஒரு லட்சம். பத்து ஆண்டு. ஆறு நிறுவனங்கள் கடைசிவரை பட்டியலில் இருந்து, ஒவ்வொன்றும் 30,000 ஆகிறது. மற்ற நான்கும் சரிந்து, பாதி வழியில், ஐந்தாம் ஆண்டில், ஒவ்வொன்றும் 6,000 ரூபாயாக இருக்கும்போது நீக்கப்படுகின்றன. அவற்றின் இடத்தில் நான்கு புதியவை. இந்தப் புதியவை முதல் ஐந்து ஆண்டில் வெளியே இருந்தபடி நான்கு மடங்காகி, உள்ளே வந்த பிறகு அடுத்த ஐந்து ஆண்டில் இரண்டு மடங்காகின்றன.

குறியீட்டை நேர்மையாகப் பின்தொடர்ந்தவர் கணக்கு இது: ஆறு நிறுவனங்களிலிருந்து 1,80,000. நான்கு இடங்களில் ஒவ்வொன்றிலும் 10,000 என்பது 6,000 ஆகி, அதைப் புதியதில் போட்டு 12,000 ஆகிறது, ஆக 48,000. மொத்தம் 2,28,000. ஆண்டுக்கு எட்டரை சதவீதத்துக்குச் சற்று மேல்.

இன்றைய பட்டியலை வைத்துப் பேக்டெஸ்ட் செய்தவர் கணக்கு இது: ஆறு நிறுவனங்களிலிருந்து அதே 1,80,000. புதிய நான்கும் முதல் நாளிலிருந்தே அவரிடம் இருக்கின்றன. நான்கு மடங்கு, அதன்மேல் இரண்டு மடங்கு, ஆக எட்டு மடங்கு. ஒவ்வொன்றும் 80,000, மொத்தம் 3,20,000. இரண்டையும் கூட்டினால் ஐந்து லட்சம். ஆண்டுக்குப் பதினேழரை சதவீதம்.

இரண்டு பேரும் ஒரு விதியும் போடவில்லை. எதையும் சலிக்கவில்லை. பட்டியலில் உள்ள அத்தனையையும் வாங்கியதோடு சரி. வித்தியாசம் முழுவதும் பட்டியல் கொடுத்தது. இதன்மேல் ஒரு ஸ்கிரீனை ஏற்றி, "என் விதி நிஃப்டியை ஆண்டுக்கு ஒன்பது சதவீதம் முந்துகிறது" என்று ஒருவர் சொன்னால், அந்த ஒன்பதும் விதியுடையதாக இல்லாமலே இருக்கலாம்.

ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட நிஃப்டியின் கோடு சுத்தமானது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் விழுந்த விழுப்பு நிஃப்டியின் எண்ணில் அப்படியே இருக்கிறது. நிஃப்டி தன் தழும்புகளோடு ஓடுகிறது. பையனின் கோட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டதுதான் தப்பு.

"சரி மாமா, என் கோட்டுல பட்டியலோட பங்கு எவ்வளவுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்றான். காபி இதற்குள் ஆறிப்போயிருந்தது.

அதற்கு ஒரு எளிய வழி உண்டு. விதியைக் கழற்றி வைத்துவிட்டு, அதே கோப்பில் உள்ள ஐம்பது பங்குகளையும் சம அளவில் வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சமப்படுத்தி, அதே காலத்துக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும். இடையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களை அவை சந்தைக்கு வந்த நாளிலிருந்து சேர்த்தால் போதும். பிறகு அதை நிஃப்டி 50 ஈக்வல் வெயிட் என்ற குறியீட்டோடு ஒப்பிட வேண்டும். ஐம்பது பங்குகளுக்கும் சம எடை தரும் அந்தக் குறியீட்டை என்.எஸ்.இ. இண்டைசஸே கணக்கிடுகிறது. அதில் அந்தந்தக் காலத்தில் இருந்த ஐம்பது பேர்தான் இருப்பார்கள். எடை இரண்டிலும் ஒன்று, காலம் ஒன்று, பட்டியல் மட்டும் வேறு. ஆகவே இரண்டு கோடுகளுக்கும் நடுவில் தெரியும் இடைவெளி, ஏறக்குறைய முழுவதும், இன்றைய பட்டியலைப் பயன்படுத்தியதால் வந்தது. டிவிடெண்டை ஒன்றில் சேர்த்து மற்றதில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இன்னும் கொஞ்சம் பொறுமை இருந்தால் கோப்பிலிருந்து சீட்டுக் குலுக்கிப் பத்துப் பங்கு எடுத்து ஓட்டலாம். ஆயிரம் முறை அப்படிக் குலுக்கி, அந்த ஆயிரம் கோடுகளுக்கு நடுவில் நம் பச்சைக் கோடு எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த பத்துப் பங்குகளும் நிஃப்டியை முந்தினால், முந்தியதில் நம் சாமர்த்தியம் என்ன இருக்கிறது?

நோயைக் கண்டுபிடிப்பது சுலபம். வைத்தியத்துக்குத்தான் உழைப்பு வேண்டும். விட்டுப்போன தேதிப் பத்தியை நாமே எழுத வேண்டும். ஒவ்வொரு பங்குக்கும் நுழைந்த தேதி, வெளியேறிய தேதி என்று இரண்டு பத்திகள். இன்றைய பட்டியலில் தொடங்கி, ஒவ்வொரு மாற்ற அறிவிப்பையும் பின்னோக்கி அவிழ்த்துக்கொண்டே போக வேண்டும். 2025 செப்டம்பர் இறுதியில் இண்டிகோவும் மேக்ஸ் ஹெல்த்கேரும் வந்தன, ஹீரோ மோட்டோகார்ப்பும் இண்டஸ்இண்ட் வங்கியும் போயின. ஆகவே அதற்கு முந்தைய பட்டியல் வேண்டுமென்றால் முதல் இரண்டை எடுத்துவிட்டு அடுத்த இரண்டைச் சேர்க்க வேண்டும். இப்படியே 2009 வரை. அறிவித்த தேதியை விட்டு, நடைமுறைக்கு வந்த தேதியைத்தான் எழுத வேண்டும். எந்த நாளை எடுத்தாலும் எண்ணிக்கை ஐம்பது வர வேண்டும், வராவிட்டால் எங்கோ ஓர் அறிவிப்பு தவறிவிட்டது. விதிவிலக்குகளில் ஒன்று: 2016 ஏப்ரலில் டாடா மோட்டார்ஸின் டி.வி.ஆர். பங்கையும் தனியாகச் சேர்த்ததால், அதன் பிறகு கொஞ்ச காலம் ஐம்பத்தோரு பங்குகள் இருந்தன. இது தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு.

அறிவிப்புகளைத் தேடிப் பிடிக்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. நிஃப்டியை அப்படியே நகலெடுக்கும் இண்டெக்ஸ் ஃபண்டுகள் மாதந்தோறும் தங்கள் கையிருப்பை வெளியிடுகின்றன. 2008 டிசம்பர் மாத அறிக்கை ஒன்று கிடைத்தால் போதும், அன்றைய ஐம்பது பேரும் அதில் வரிசையாக இருப்பார்கள். சத்யமும் இருக்கும்.

பெயர் கிடைத்தால் விலை வேண்டும். இங்கேதான் பலர் சோர்ந்துபோகிறார்கள், ஏனென்றால் இலவச இணையதளங்கள் பலவற்றில் மூடப்பட்ட நிறுவனங்களின் விலை கிடைப்பதில்லை. `SATYAMCOMP` என்று தட்டினால் ஒன்றும் வராது. இதற்கு நல்ல மருந்து பவ்காபி. ஒவ்வொரு வர்த்தக நாளின் முடிவிலும் அன்று கைமாறிய அத்தனை பங்குகளின் விலையையும் என்.எஸ்.இ. ஒரு கோப்பாக வெளியிடும். 2009 ஜனவரி 7-ஆம் தேதிக் கோப்பு அன்று எழுதப்பட்டது. பின்னால் யார் செத்தார், யார் பிழைத்தார் என்று அதற்குத் தெரியாது. போனஸையும் பிரிப்பையும் நாம்தான் சரிக்கட்ட வேண்டும், பெயர் மாற்றங்களைத் துரத்திப் பிடிக்க வேண்டும். வேலை அதிகம்தான்.

வெளியேறியவர்கள் எல்லாரையும் தோற்றவர்கள் என்று எழுதிவிடவும் கூடாது. ஹெச்.டி.எஃப்.சி. நிறுவனம் 2023 ஜூலையில் பட்டியலிலிருந்து மறைந்தது தன் வங்கியோடு இணைந்ததால். அதன் 25 பங்குக்கு வங்கியின் 42 பங்கு கிடைத்தது. ரான்பாக்ஸி சன் பார்மாவுக்குள் போனது, கெய்ர்ன் இந்தியா வேதாந்தாவுக்குள். இவற்றுக்கு இணைப்பு விகிதப்படி கணக்கு எழுத வேண்டும். மாறாக, பங்குதாரருக்கு ஒன்றுமே மிஞ்சாமல் போன இடத்தில் பூஜ்யம் என்று எழுத மனசு வர வேண்டும். வர்த்தகம் நின்ற நாளின் கடைசி விலையிலேயே விற்றுவிட்டதாகக் கணினி நினைத்துக்கொள்ளும், அதை விடக் கூடாது. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சி.ஆர்.எஸ்.பி. தரவுத்தொகுப்பிலேயே இந்த ஓட்டை இருந்தது. நலிந்து பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பல பங்குகளின் கடைசி நஷ்டம் அதில் பதிவாகவில்லை என்று 1997-இல் டைலர் ஷம்வே என்ற ஆய்வாளர் காட்டினார். உலகமெங்கும் ஆராய்ச்சியாளர்கள் நம்பிப் பயன்படுத்தும் தொகுப்பு அது.

விலை இருந்தாலும் விற்க முடியாமல் போகலாம். யெஸ் வங்கி 2020 மார்ச் 19 அன்று நிஃப்டியிலிருந்து நீக்கப்பட்டது. "நீக்கப்பட்ட நாளில் விற்றேன்" என்று பேக்டெஸ்ட் எழுதும். ஆனால் அந்த மாதம் அரசு கொண்டுவந்த மறுசீரமைப்புத் திட்டப்படி, நூறு பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதம் மூன்று ஆண்டுக்கு முடக்கப்பட்டது. திரையில் விலை ஓடிக்கொண்டிருந்தது. கையில் இருந்ததை விற்க வழியில்லை.

பையன் மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தான். பழைய அறிக்கை ஒன்றைப் பிடித்து, 2009 ஜனவரி முதல் நாளுக்கு மட்டும் சரியான பட்டியலைப் போட்டு ஓட்டியிருந்தான். இரண்டாவது வாரத்துக்குள்ளேயே பச்சைக் கோட்டில் ஒரு பள்ளம். விரலை அதன்மேல் வைத்து, "சத்யம், மாமா" என்றான். மற்ற ஆண்டுகளுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

யாராவது உங்களிடம் இதுபோன்ற வரைபடத்தைக் காட்டி, விதியையும் சொல்லி, பணம் போடச் சொன்னால், விதியைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். கணக்குப் போட்ட பட்டியலைத் திறக்கச் சொல்லி, 2009-இல் சத்யம் எந்த வரிசையில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.